பரங்கி விதையும் பச்சைக் கீரையும்

காய்கறிக் கடையில் மஞ்சள் நிறத் துண்டுகளாக விற்கப்படும் காயைத் தில்லியில் கத்தூ என்பர். நம் தாத்தா பாட்டியின் ஊர்களில் இதற்குப் பெயர்கள் பல. சிலர் பரங்கிக்காய் என்பர். சிலர் மஞ்சள் பூசணி என்பர். கொங்கு நாட்டார் அரசாணிக்காய் என்பர். காயை நறுக்கும்போது அதன் விதைகளை நாம் குப்பையில் எறிந்துவிடுகிறோம். மெக்னீசியம் மிகுந்த உணவுகளுள் முன்வரிசையில் நிற்பவை அவ்விதைகளே.

மெக்னீசியம் ஓர் உலோகம். இலைகளுக்குப் பச்சை நிறம் தரும் பச்சையத்தின் மூலக்கூறு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மெக்னீசியம் அணு உள்ளது. ஆதலால் கரும்பச்சைக் கீரைகளில் இச்சத்து இருப்பதில் வியப்பில்லை. விதை, முளைக்கப்போகும் செடிக்காக இதனைச் சேமித்து வைக்கிறது. நிலக்கடலை, பாதாம், முந்திரி ஆகியவற்றில் இது மிகுந்திருப்பதும் அதனாலேயே.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 25 கிராம் மெக்னீசியம் உண்டு. அதில் பாதிக்கு மேல் எலும்பில் உள்ளது. குருதியில் இருப்பது நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. தசைகள் சுருங்கி மீண்டும் தளர்வதற்கும், நரம்புகள் செய்தி அனுப்புவதற்கும், இதயம் சீராகத் துடிப்பதற்கும் இது தேவை.

பதினொரு வயது மாணவி ஒருத்திக்கு நாள்தோறும் ஏறத்தாழ 240 மில்லிகிராம் வேண்டும். அவள் ஒரு நாளில் உண்பதைக் கணக்கிடுவோம். எளிமைக்காகச் சாம்பாரையும் பொரியலையும் விட்டுவிடுவோம். இருவேளையும் ஒவ்வொரு கோப்பை வெள்ளைச் சோறு உண்டால் 40 மில்லிகிராம் கிடைக்கும். இரண்டு குவளைப் பால் 50 தரும். ஒரு வாழைப்பழம் 32 தரும். ஆகக் கூடுதல் 122. இது தேவையில் பாதிதான். அரைக் கோப்பை வெந்த பசலைக் கீரை 78 சேர்க்கும். தோல் நீக்கிய பரங்கி விதைப் பருப்பு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 10 கிராம், மேலும் 55 சேர்க்கும். இப்போது கூட்டல் 255 ஆகிறது.

சோறு இவ்வளவு குறைவாகத் தருவது ஏன்? நெல்லின் தவிட்டில்தான் மெக்னீசியம் மிகுதியாக உள்ளது. அரிசியைத் தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடுகிறது. தீட்டாத அரிசிச் சோறு அதே அளவில் நான்கு மடங்கு தரும். கோதுமையைச் சலித்து மைதா ஆக்கும்போதும் இதுவே நிகழ்கிறது. கீரையை வேகவைத்த நீரை வடித்துக் கொட்டினால் சத்தில் ஒரு பகுதி நீரோடு போகும். அந்நீரை ரசத்தில் சேர்ப்பதே சமையலறிந்தோர் வழக்கம்.

சில நாள்கள் குறைவாக உண்டால் உடனே நோய் வாராது. சிறுநீரகம் இச்சத்தை வெளியேற்றாமல் காக்கும். எலும்பும் தன் சேமிப்பிலிருந்து தரும். நெடுநாள் வயிற்றுப்போக்கு, கட்டுக்குள் அடங்காத நீரிழிவு போன்றவையே பெரும்பாலும் குறைபாட்டை உண்டாக்குகின்றன. முதலில் பசியின்மையும் குமட்டலும் சோர்வும் தோன்றும். பின்னர்த் தசை இழுக்கும், விரல்கள் மரத்துப்போகும், கை நடுங்கும், இதயத்துடிப்பு தாளம் தவறும். ஆனால் விளையாடிய இரவில் கெண்டைக்கால் இழுத்தால், அதற்கு இக்குறைபாடே காரணம் என்று முடிவு கட்டலாகாது. குருதிச் சோதனையும் முழு உண்மையைச் சொல்வதில்லை. குருதியின் அளவு சரியாக இருக்கும்போதே எலும்பின் சேமிப்பு குறைந்திருக்கக்கூடும்.

மிகுதியானால் என்ன ஆகும்? உணவின் வழியாக வரும் மிகுதியை நலமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும். இடர் வருவது மாத்திரையாலும் மருந்துப்பொடியாலும். இங்கிலாந்தில் எப்சம் என்னும் ஊரில், 1618ஆம் ஆண்டு வறட்சியின்போது ஓர் ஊற்று நீரைத் தாகமெடுத்த மாடுகளும் குடிக்க மறுத்தன என்பது வழிவழிச் செய்தி. அந்நீரின் கசப்புக்குக் காரணம் மெக்னீசியம் சல்பேட்டு. நாம் பேதியுப்பு என்பது அதனையே. அது குடலுக்குள் நீரை ஈர்த்து வயிற்றைப் போக்கும். சிறுநீரகம் பழுதுற்றவர் இத்தகைய உப்பை மிகுதியாக உட்கொண்டால் குருதி அழுத்தம் தாழும், தசை தளரும், உறக்கமயக்கம் வரும், இறுதியில் மூச்சும் இதயமும் நிற்கவும் கூடும்.

சொல்லும் பொருளும்

தவிடு – அரிசியின் மேலுள்ள மெல்லிய உறையின் தூள்
குருதி – இரத்தம்
கெண்டைக்கால் – முழங்காலுக்குக் கீழே பின்புறச் சதை

பயிற்சி

1. பரங்கிக்காய்க்கு உங்கள் வீட்டில் வழங்கும் பெயர் யாது? தாத்தா அல்லது பாட்டியிடம் கேட்டு எழுதுக.
2. கீரை வெந்த நீரைக் கொட்டக்கூடாது என்பது ஏன்?
3. பாடத்தில் வரும் மாணவி கீரையை விரும்பாதவள் எனக் கொள்க. 240 மில்லிகிராம் பெற அவள் எத்தனை மேசைக்கரண்டி விதைப் பருப்பு உண்ண வேண்டும்? கணக்கிட்டு எழுதுக.