காசு வந்த பிறகே கொமிஷன்

மருமகனே, பாலாவியில் நீ உப்புப் பொதி செய்யத் தொடங்கி, கற்பிட்டி வீதிக்கு ஒரு ஏஜன்ட் பொடியனையும் வைத்திருக்கிறாய் என்று தங்கச்சி சொன்னாள். நூற்றுக்கு நாலு பேசியிருக்கிறாயாம். நாலா, ஐந்தா என்பதில் பெரிய பிழை வராது. எந்தத் தொகைக்கு அந்த நாலு என்பதில்தான் நான் முப்பது வருடம் பிழை விட்டேன். அதைச் சொல்கிறேன், கேள்.

1. ஓடர் எழுதிய அன்றே கொமிஷன் கொடுக்காதே. நான் கொடுத்தேன். மாதம் முடிய ஓடர் புத்தகத்தைக் கூட்டி, அதற்கே காசு எண்ணினேன். ஒரு புரட்டாசி மாதம் என் ஏஜன்ட் நுரைச்சோலைப் பக்கம் ஒரு சின்னக் கடையில் நாற்பது பெட்டி இறக்கிவிட்டு வந்தான். அந்தக் கடையில் மாதம் ஐந்து பெட்டி போனாலே பெரிய காரியம். பிறகு வடகிழக்கு மழை பிடித்தது. தை மாதம் நான் போய்ப் பார்த்தபோது, அரிசி மூட்டைக்குப் பின்னால் சுவரோடு அடுக்கின பெட்டிகளின் அடி ஊறி, தரையில் வெள்ளைக் கோடாக உப்புநீர் காய்ந்திருந்தது. “நான் கேக்கல்ல நானா, உங்கட பொடியன்தான் வச்சிட்டுப் போனான்” என்றார் கடைக்காரர். அந்தப் பொடியனில் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் இறக்கினால் காசு என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது என் கணக்குத்தான். விதைத்தவன் நான், முளைத்ததற்கு அவனை ஏசினேன்.

2. காசு வந்தது என்றால் என்ன என்பதை முதல் நாளே இருவரும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஏஜன்டின் சட்டைப் பையில் இருக்கும் காசு வந்த காசு அல்ல. இலக்கமிட்ட ரசீதோடு உன் மேசைக்கு வந்ததே வந்த காசு. செக் என்றால், கைக்கு வந்த நாளை விடு, வங்கியில் தேறிய நாளைப் பிடி. நம் பக்கத்துக் கடைகள் பின்திகதி போட்டே செக் எழுதும். அது தேறுமா திரும்புமா என்று அந்தத் திகதி வரும்வரை யாருக்கும் தெரியாது. கடைக்காரர் மூன்று பில்லுக்கும் சேர்த்து மொத்தமாக ஒரு தொகை தந்தால், பழைய பில்லில் தொடங்கிக் கழி. எந்த இலக்கத்துக்கு எவ்வளவு என்று ரசீதிலேயே எழுது. பாதிக் காசு வந்த பில்லுக்குப் பாதிக் கொமிஷன். லொறிக் கூலியைப் பில்லில் சேர்த்திருந்தால், அதற்குக் கொமிஷன் இல்லை.

3. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி, மருமகனே. திரும்பி வரும் சரக்கு இரண்டு வகை: காசு வராத பில்லின் சரக்கு, காசு வந்து கொமிஷனும் கொடுத்து முடிந்த பில்லின் சரக்கு. இந்த இரண்டையும் ஒன்றாகக் கழித்தால் ஏஜன்டின் காசைத் தெரியாமலே தின்றுவிடுவாய்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். செப்டெம்பரில் அவன் 500,000 ரூபாய்ச் சரக்குப் போட்டான். அந்த மாதமே 320,000 வந்தது. கொமிஷன் 12,800. மிச்சம் 180,000. அதில் 60,000க்கு நவம்பர்த் திகதி போட்ட செக் இருக்கிறது, 120,000 கடன். ஒக்டோபரில் கடன் வைத்த கடை 20,000 ரூபாய்ச் சரக்கைத் திருப்பிவிட்டு 100,000 கட்டியது. செப்டெம்பரிலேயே காசு கட்டின இன்னொரு கடை 15,000 ரூபாய்ச் சரக்கைத் திருப்பி, தன் காசை வாங்கிக்கொண்டது.

ஒக்டோபரில் அவனுக்கு எவ்வளவு? வந்த 100,000க்கு 4,000. அதில் 15,000க்கு முன்னமே கொடுத்த 600ஐக் கழி. கையில் 3,400. அந்த 20,000க்கு எதையும் கழிக்காதே. அதற்கு நீ கொமிஷன் கொடுக்கவே இல்லை; பில் குறைந்ததோடு அதன் கதை முடிந்தது. நான் அதற்கும் 800 பிடித்திருப்பேன். பல மாதம் அப்படிப் பிடித்தும் இருக்கிறேன், அவன் கேட்கத் தெரியாமல் நின்றான்.

நவம்பரில் செக் தேறியது. 2,400. மூன்று மாதமும் கூட்டினால் 18,600. இப்போது பின்னாலிருந்து பார்: 500,000இல் திரும்பியது 35,000, கடையில் நின்றது 465,000, அதற்கு நூற்றுக்கு நாலு 18,600. இரண்டும் ஒத்துவந்தால் கணக்குச் சரி. ஒவ்வாவிட்டால் எங்கோ ஒரு சரக்கு இரண்டு தரம் கழிந்திருக்கிறது, அல்லது தேறாத செக்குக்குக் காசு போயிருக்கிறது. ஒரு மாதத்து பில்கள் எல்லாம் தீர்ந்த பிறகு இப்படிச் சரிபார்க்காமல் புத்தகத்தை மூடாதே.

4. சரக்கு ஏன் திரும்பியது என்று நீயே பையைக் கையில் எடுத்துப் பார். வாய் ஒட்டின இடம் விரிந்திருந்தால், அது உன் ஒட்டும் இயந்திரத்தின் சூடு போதாத குற்றம். பை நல்லபடி இருக்க, உள்ளே உப்புக் கட்டிபட்டுக் கசந்தால், குவியலை நீர் வடிய விடாமல் அவசரப்பட்டு அள்ளியிருக்கிறாய். உப்போடு நிற்கும் மக்னீசியம்தான் ஈரத்தை இழுக்கிறது. இப்படி உன் பக்கத்துப் பிழையில் வந்ததற்கு நல்ல பெட்டி மாற்றிக் கொடு. மாற்றிக் கொடுத்தது திரும்பியதாகாது: கடைக்காரரின் காசு உன்னிடமே நிற்கிறது, ஏஜன்டின் கொமிஷனும் நிற்க வேண்டும். காசைத் திருப்பினாலோ கடனில் குறைத்தாலோ மட்டும் கழி. என்னிடம் எட்டு வருடம் நின்ற ஒருவர் இதனால்தான் போனார். என் இயந்திரம் கெட்ட மாதத்தில் அவர் கூலியைக் குறைத்தேன். ஒரு சொல் பேசாமல் ரசீதுப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். அவரை நினைக்காத மழைக்காலம் எனக்கு இல்லை.

5. காசு வரும்வரை நீ காத்திருக்கலாம், அவன் வீட்டு அடுப்புக் காத்திருக்காது. பெற்றோல் காசையும் ஒரு சிறு நிலைச் சம்பளத்தையும் கொமிஷனோடு கலக்காமல் கொடு. ஒரு மாதம் கழிவு அதிகமாகிக் கணக்கு மைனஸில் போனால், நிலைச் சம்பளத்தில் கை வைக்காதே. அடுத்த மாதக் கொமிஷனுக்குக் கொண்டுபோ. அவன் உன் ஊழியன் என்றால் கொமிஷனும் சேமலாப நிதிக்குக் கணக்கில் வரும்: அவன் பங்கு நூற்றுக்கு 8, உன் பங்கு 12, நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3. கட்டி முடித்த காசைப் பிறகு பிடுங்கப் போனால் எத்தனை ஏடு திருத்த வேண்டும் என்று யோசி. வராத காசுக்குக் கொடுக்காமல் இருந்தால் இந்தப் பிடுங்கல் மிகக் குறையும்.

6. திரும்ப எடுப்பதற்கு ஒரு நாள் எல்லை வை. நான் கடைசியில் அறுபது நாள் வைத்தேன். எல்லை இல்லாவிட்டால், போன வருடத்துப் பெட்டிக்கு இந்த வருடத்துப் பொடியன் கழிவு கொடுப்பான்.

7. அவன் உன்னை விட்டுப் போகும் நாள் வரும். அன்று அவன் போட்ட சரக்கில் காசு வராத பில்கள் இருக்கும். அந்தக் காசு வர வர, அறுபது நாள் திரும்பலையும் கழித்து, அவன் பங்கை அனுப்பு. புதிய பொடியன் போய் வசூலித்தாலும் விற்றவன் பழையவன்தான். வசூலித்தவனுக்கு ஏதும் கொடுப்பதென்றால் உன் பங்கிலிருந்து கொடு. பில் இலக்கம், வந்த தொகை, திரும்பியது, கொமிஷன் என்று நாலு நிரல் போட்ட தாளை மாதா மாதம் அவன் கையில் கொடுத்து வந்தால், அன்றைக்கு இருவருக்கும் பேச ஒன்றும் இராது. இந்த மாதத் தாளை எழுதிவிட்டு என்னிடம் கொண்டு வா. வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டில்தான் இருப்பேன்.