லாரி கிளம்பியதா, கிளம்பினவா?

"திராட்சைப் பெட்டிகளை ஏற்றிய லாரி கம்பத்திலிருந்து கிளம்பி____."

பயிற்சித்தாளில் இந்தக் கோட்டை நிரப்பச் சொன்னால், 'பெட்டிகள்' என்ற பன்மையில் மயங்கிக் 'கிளம்பின' என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. கிளம்பியது எது என்று கேட்டால் லாரி என்று பதில் வரும். 'ஐ' உருபை ஏற்ற பெட்டிகள் 'ஏற்றிய' என்பதற்குச் செயப்படுபொருள். வினையின் முடிவை அவை தீர்மானிப்பதில்லை. எனவே யார், எது என்று கேட்டு எழுவாயை அடிக்கோடிடுவதுதான் முதல் வேலை. லாரி அஃறிணை, அதுவும் ஒன்றுதான். ஆகவே 'கிளம்பியது', இறுதியில் நிற்கும் 'து' ஒன்றன்பால் விகுதி.

அடுத்து இடம் பார்க்க வேண்டும். நான் பறித்தேன், நாங்கள் பறித்தோம், நீ பறித்தாய், நீங்கள் பறித்தீர்கள். இவற்றில் ஆண், பெண் வேறுபாடு தெரியாது. படர்க்கைக்கு வந்தால்தான் பால் தெரியும். போடி மலையில் ஏலக்காய் பறிக்கும் பெண்ணை எடுத்துக்கொண்டால், 'பறித்தாள்' என்பது பறி + த் + த் + ஆள் என்று பிரியும். பறி பகுதி, முதல் 'த்' சந்தி, இரண்டாவது 'த்' இறந்தகால இடைநிலை, 'ஆள்' பெண்பால் விகுதி. கடைசித் துண்டை மட்டும் மாற்றினால் பறித்தான், பறித்தார்கள் என்று ஆள் மாறும், காலம் மாறாது.

பென்னிகுவிக் முல்லைப்பெரியாறு அணையைக் கட்டினார். அவர் ஒருவர்தான். ஆனாலும் 'ஆர்' வருகிறது. மரியாதைக்காகப் பலர்பால் விகுதியை ஒருவருக்குக் கொடுப்பது வழக்கம். 'கட்டினான்' என்று எழுதிய பிள்ளைக்கு எண்ணும் பாலும் தெரிந்திருக்கிறது, மரியாதைதான் விடுபட்டது. முழு மதிப்பெண்ணையும் வெட்ட வேண்டாம்.

உண்மையான சிக்கல் அஃறிணைப் பன்மையில்தான். 'யானைங்க வந்துச்சு' என்றுதான் தேனிப் பக்கம் பேசுவார்கள். பேச்சில் ஒன்றுக்கும் பலவற்றுக்கும் ஒரே முடிவு. அதே காதோடு எழுதும் பிள்ளை, "மேகமலையில் யானைகள் வந்தது" என்று முடித்துவிடும். எழுவாய்க்குப் பதில் அது, அவை இரண்டையும் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். 'அவை' பொருந்தினால் 'வந்தன'. இதன் இறுதியில் நிற்கும் 'அ' பலவின்பால் விகுதி. அதற்கு முன்னுள்ள 'அன்' சாரியை.

நிகழ்காலத்தில் இன்னொரு வழுக்கல் இருக்கிறது. ஒருமைக்கு 'வருகிறது' சரி. பன்மையில் 'வருகிறன' என்று எழுதக் கூடாது. அங்கே 'கிறு' நிற்காது, 'கின்று' வேண்டும்: வருகின்றன.

எதிர்காலத்தில் யானையும் வரும், யானைகளும் வரும். இரண்டுக்கும் 'வரும்' ஒன்றே. ஆகவே அஃறிணையில் ஒருமை பன்மையைச் சோதிக்கும் கேள்விகளை இறந்தகாலத்திலும் நிகழ்காலத்திலும் மட்டும் அமைக்க வேண்டும்.