எண்ணா, எழுத்தா?

கேள்வி: புழல் ஏரி பற்றிய அலுவலக அறிக்கையில் எதை எண்ணில், எதை எழுத்தில் எழுதுவது?

பதில்: அளந்ததை எண்ணில் எழுதுங்கள், ‘இரண்டு மதகுகள்’ போன்ற சிறு எண்ணிக்கை எழுத்தில் இருக்கட்டும். புழலின் முழு உயரம் 21.20 அடி. கடைசிப் பூஜ்யத்தை வெட்டாதீர்கள். நூறில் ஒரு பங்கு அடிவரை அளந்ததை அதுதான் சொல்கிறது. கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, அதாவது 3.3 டி.எம்.சி. இரண்டும் சரி, ஆனால் ஓர் அட்டவணையில் ஒன்றுதான் வரவேண்டும். கலந்தால் 3,300க்குக் கீழே 3.3 நின்று, கூட்டுத்தொகையே பிழையாகும்.

பணத்தை ரூ.12,50,000 அல்லது ரூ.12.5 லட்சம் என்று ஒரே முறையில் எழுதுங்கள். காசோலையில் மட்டும் எண், எழுத்து இரண்டும் வேண்டும். முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்கிறது 1881ஆம் ஆண்டுச் சட்டம்.