பாடம் 9: மணி ஒலித்த பின்பும் முன்பும்

ஐதராபாத்தில் சார்மினாருக்கு வடக்கே சிறிது தொலைவு நடந்தால், நான்கு வளைவுகளின் நடுவே ஒரு பழைய நீரூற்றைக் காணலாம். அதன் பெயர் குல்சார் ஹவுஸ். 'ஹவுஸ்' என்பது நீர்த்தொட்டியைக் குறிக்கும் உருதுச் சொல். அதனை அடுத்த கடைத்தெருவில், 2025 மே 18ஆம் நாள் விடியற்காலையில் ஒரு வீட்டில் தீப்பற்றியது. அதில் எட்டுக் குழந்தைகள் உட்படப் பதினேழு பேர் உயிரிழந்தனர்.

தீயணைப்பு நிலையம் தொலைவில் இருந்ததோ? இல்லை. காலை 6.16 மணிக்கு அழைப்பு வந்தது. அருகிலுள்ள மொகல்புரா நிலையத்தின் ஊர்தி மிகச் சில நிமிடங்களில் வந்து சேர்ந்தது. அவ்வாறாயின் உயிர்கள் ஏன் பறிபோயின?

நிலையம் எங்கே அமைய வேண்டும்?

நம் அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் அட்டவணை, தீயணைப்பை நகராட்சிகளுக்குரிய பணிகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. மும்பையில் மாநகராட்சியே அதனை நடத்துகிறது. தெலங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் மாநில அரசின் துறை நடத்துகிறது. யார் நடத்தினும் முதற்கேள்வி ஒன்றே: நிலையத்தை எங்கே அமைப்பது?

நகர்ப்பகுதியில் 10 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வேண்டும் என்பது நம் நாட்டில் பரிந்துரைக்கப்பட்ட அளவு. இவ்வளவு பரப்புள்ள வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். சாலைகள் வளைந்து செல்வதால் எல்லையை அடைய 2.5 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 5 நிமிடம் ஆகும். போக்குவரத்து நெரிசலால் வேகம் பாதியாகக் குறைந்தால் 10 நிமிடம் ஆகும். எனவே நிலப்படத்தில் அருகில் தெரியும் நிலையம், மாலை நேரத்தில் தொலைவிலுள்ள நிலையமாகிவிடலாம்.

நீர் எங்கிருந்து வருகிறது?

ஊர்தி தன் தொட்டியில் நீரைச் சுமந்து வருகிறது. 4,500 லிட்டர் நீருடன் வந்து நிமிடத்திற்கு 450 லிட்டர் வீதம் பீய்ச்சினால், பத்தே நிமிடங்களில் தொட்டி வறண்டுவிடும். அதற்குள் அடுத்த ஊர்தி வந்தாக வேண்டும். வெறுமையான ஊர்தி, குடிநீர் வாரியத்தின் தொட்டியிலோ பெரிய கட்டடங்களின் நிலத்தடித் தொட்டியிலோ மீண்டும் நீர் நிரப்பிக்கொள்ளும். குல்சார் ஹவுஸ் தீயை அணைக்கப் பதினொரு ஊர்திகள் வந்தன. தீ அடங்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று.

மூன்று காலங்கள்

தீ தோன்றியதிலிருந்து அழைப்பு வரும்வரை ஒரு காலம். அழைப்பிலிருந்து ஊர்தி வாயிலை அடையும்வரை இரண்டாம் காலம். வாயிலிலிருந்து உள்ளிருப்போரை அடையும்வரை மூன்றாம் காலம். துறையினர் கணக்கிடும் 'சென்றடையும் நேரம்' இரண்டாம் காலம் மட்டுமே. நிலையத்தின் இருப்பிடத்தால் குறைக்கத்தக்கதும் அதுவே.

அந்த வீட்டில் மற்ற இரு காலங்களும் நீண்டுவிட்டன. தரைத்தளத்தில் கடைகளும் மேல்தளங்களில் குடியிருப்பும் இருந்தன. மின்கசிவால் கீழே தீ தோன்றியிருக்கலாம் என்று கருதப்பட்டது. மேலே இருந்தவர்கள் உறக்கத்தில் இருந்தனர். தீயைக் கண்டு ஒருவர் அழைக்கும் முன்பே புகை மேலே பரவிவிட்டது. உள்ளே செல்லும் வழி சுரங்கம் போன்றது. அகலம் ஏறத்தாழ 2 மீட்டர். மேலே செல்லும் ஒரே படிக்கட்டின் அகலம் ஏறத்தாழ 1 மீட்டர். வீட்டார் இறங்க வேண்டிய வழியும் வீரர்கள் ஏற வேண்டிய வழியும் புகை ஏறிய வழியும் ஒன்றாகவே அமைந்தன. உயிரிழந்தோருள் பெரும்பாலோர் புகையால் மூச்சடைத்தே இறந்தனர்.

நிலையத்தை அருகில் அமைப்பது அரசின் கடமை. முதற்காலத்தைக் குறைப்பது புகையுணர்ந்து ஒலிக்கும் மணி. மூன்றாம் காலத்தைக் குறைப்பது இரண்டாவது படிக்கட்டு. இவ்விரண்டும் கட்டடத்திற்குள் இருக்க வேண்டியவை. எந்த ஊர்தியும் அவற்றைச் சுமந்து வர இயலாது.

அருஞ்சொற்பொருள்

ஊர்தி – வண்டி
ஆரம் – வட்ட மையத்திலிருந்து விளிம்புவரை உள்ள தொலைவு
மின்கசிவு – மின்சாரம் உரிய வழியன்றிப் பாய்தல்

பயிற்சி

1. மூன்று காலங்கள் யாவை? நிலையத்தின் இருப்பிடம் அவற்றுள் எதனைக் குறைக்கும்?
2. ஒரு ஊர்தியில் 9,000 லிட்டர் நீர் உள்ளது. நிமிடத்திற்கு 450 லிட்டர் வீதம் பீய்ச்சினால் அது எத்தனை நிமிடம் போதும்?
3. உங்கள் வீட்டிலிருந்து வெளியேற எத்தனை வழிகள் உள்ளன? படிக்கட்டின் அகலத்தை அளந்து எழுதுக. படியில் மிதிவண்டியோ பெட்டியோ இருப்பின், அது நீங்கலாக எஞ்சும் அகலத்தையும் எழுதுக.
4. உங்கள் வீட்டிற்கு அருகிலுள்ள தீயணைப்பு நிலையம் எது? பெற்றோரிடம் கேட்டறிந்து, அங்கிருந்து உங்கள் வீட்டிற்கு வரும் சாலைவழியை வரைக.