கியூரியைப் பெக்கரலாக மாற்றுவது

கேள்வி: 5000 கியூரி கோபால்ட்-60 மூலத்தில் எத்தனை அணுக்கள் உண்டு என்று ஒரு கணக்கு. A = λN இல் 5000ஐ நேரே இட்டேன். விடை பொருந்தவில்லை. எங்கே பிழை?
- உயர்தர மாணவி, பொத்துவில்

பதில்: சமன்பாடு சரிதான் தங்கச்சி, அலகுதான் உங்களை ஏமாற்றிவிட்டது. λஐ s⁻¹ இல் எடுத்தால் A ஒரு செக்கனில் நிகழும் தேய்வுகளின் எண்ணிக்கையாக, அதாவது பெக்கரலில் இருக்க வேண்டும். ஒரு கிராம் ரேடியத்தில் செக்கனுக்கு நிகழும் தேய்வுகளை வைத்தே கியூரி பிறந்தது. ஆகவே 1 கியூரி 3.7 × 10¹⁰ பெக்கரல். 5000ஐ அதனால் பெருக்கினால் 1.85 × 10¹⁴ பெக்கரல்.

அரைவாழ்வுக்காலம் 5.27 ஆண்டையும் செக்கனாக்குங்கள்: 1.66 × 10⁸. 0.693ஐ அதனால் வகுத்தால் λ = 4.17 × 10⁻⁹ s⁻¹. இப்போது N = 1.85 × 10¹⁴ ÷ 4.17 × 10⁻⁹, ஏறக்குறைய 4.4 × 10²² அணுக்கள்.

விடையை நம்பலாமா என்று பார்க்க அதைத் திணிவாக்கிப் பாருங்கள். அவகாதரோ எண்ணால் வகுத்து 60ஆல் பெருக்கினால் சுமார் 4.4 கிராம். மகரகம புற்றுநோய் மருத்துவமனையில் பயன்பட்டதைப் போன்ற கோபால்ட் சிகிச்சை இயந்திரங்களுக்கு ஆயிரக்கணக்கான கியூரி தேவை. சில கிராம் உலோகம் அதைத் தருவது நம்பக்கூடியதே. நீங்கள் இட்டபடி வெறும் 5000 என்றால் ஒரு கிராமின் நூறுகோடியில் ஒரு பங்குகூட வராது.

வினாவில் மைக்ரோகியூரி வந்தால் 37,000ஆலும், மில்லிகியூரி வந்தால் 3.7 கோடியாலும் பெருக்குங்கள்.