ஸ்டாப்பைத் தேடி வருகிறார்களா?

பாசிர் கூடாங் சுத்திகரிப்பு ஆலைகளுக்கோ தரகு நிறுவனங்களுக்கோ செம்பனை எண்ணெய் முன்பேர வணிகம் செய்ய வருகிற புதியவர்கள் விரைவில் சொல்லும் புகார் ஒன்று உண்டு: "என் ஸ்டாப்பைத் தட்டிவிட்டுத்தான் விலை ஏறுகிறது. யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்."

பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. புர்சா மலேசியாவின் FCPO ஒப்பந்தத்தில் போடும் ஸ்டாப், விலை அதைத் தொடும்வரை மற்றவர் திரையில் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. நேற்றைய குறைந்த விலை 4,003 ரிங்கிட் என்றால், வாங்கியவர்களின் ஸ்டாப்புகள் 3,999, 3,998, 3,995 என்று கூடியிருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். விலையை ஏற்றாமல் பெரிய அளவில் வாங்க நினைப்பவர் விற்பவர்கள் அதிகம் உள்ள இடத்தைத்தான் தேடுவார். ஸ்டாப்புகள் விழுந்து விற்பனை கொட்டுகிறது, அவர் வாங்கிக்கொள்கிறார், விலை திரும்புகிறது. இதில் உங்கள் மேல் பகை எதுவும் இல்லை. ஒரு பெரிய வங்கியின் நாணய ஆர்டர்களை ஆராய்ந்த பொருளியலாளர் கேரல் ஓஸ்லரும், ஸ்டாப்புகள் முழு எண்களைத் தாண்டியதும் கூடியிருப்பதை 2003இல் காட்டினார்.

அதற்காக வேட்டையே நடப்பதில்லை என்றும் சொல்லமுடியாது. 2014 நவம்பரில் பிரிட்டன் நிதிக் கண்காணிப்பு அமைப்பு ஐந்து வங்கிகளுக்கு அபராதம் விதித்தது. வாடிக்கையாளரின் ஸ்டாப் விலையைப் பிற வங்கி வணிகர்களுடன் பகிர்ந்து, நாணய விலையை அங்கே தள்ள முயன்றதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஆர்டர் அவர்கள் கையிலேயே இருந்ததால்தான் அது முடிந்தது. உரிமமில்லாத ஃபாரெக்ஸ் தளங்களில் இன்றும் அதே ஆபத்து: விலை காட்டுவதும் எதிர்ப்பக்கம் நிற்பதும் ஒரே நிறுவனம். அங்கே பணம் போடவே வேண்டாம்.

FCPOவில் சந்தேகம் வந்தால் அதே நிமிடத்தில் சீனாவின் டாலியன் சந்தையைப் பாருங்கள். அங்கும் பாமாயில் இறங்கியிருந்தால் உங்களை யாரும் குறிவைக்கவில்லை.

சரி, ஸ்டாப்பை எங்கே வைப்பது? 4,040இல் வாங்கியிருக்கிறீர்கள், தினசரி ஏற்ற இறக்கம் சராசரியாக 80 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 3,998 என்பது கூட்டத்தின் நடுவே நிற்பது. 4,003இலிருந்து அந்தச் சராசரியில் பாதியைக் கழித்தால் 3,963. விலை அங்கே போனால் உங்கள் கணிப்பே தவறு என்று சொல்லலாம். தூரம் 77 ரிங்கிட், ஒரு லாட் 25 டன். ஆக நட்டம் 1,925 ரிங்கிட். 2,000 வரை தாங்குவீர்கள் என்றால் ஒரு லாட். 1,000தான் தாங்கும் என்றால் அந்த வணிகமே உங்களுக்கு இல்லை. லாட்டைக் கூட்டுவதற்காக ஸ்டாப்பை நெருக்குவதுதான் புதியவர்களைக் கவிழ்க்கும் பழக்கம்.

ஸ்டாப் விலைக்கு உத்தரவாதமும் அல்ல. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் கையிருப்பு அறிக்கை மாதந்தோறும் 10ஆம் தேதி வாக்கில் மதியம் 12.30க்கு வரும், சந்தை அப்போது மூடி 2.30க்குத்தான் திறக்கும். அறிக்கை பாதகமானால் விலை 3,963ஐத் தாண்டிக் குதித்து 3,930இல் திறக்கலாம், உங்கள் ஸ்டாப்பும் அங்கேதான் நிறைவேறும். அந்த நாளில் மதிய இடைவேளைக்கு முன்பே லாட்டைக் குறைத்துவிடுங்கள். ஒரே லாட் என்றால் வெளியே வந்துவிடுங்கள்.