வங்கியிருப்பும் இலாபமும்

மதுரைச் சுங்குடிச் சேலைகளை இணையவழியில் விற்கும் ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்வோம். மாத முடிவில் அதன் வங்கிக் கணக்கில் ரூ.24,000 கூடியிருந்தது. அதனை இலாபம் எனக் கருதிய உரிமையாளர் வீட்டுச் செலவுக்கு எடுக்க எண்ணினார். அத்தொகை உண்மையில் இலாபம்தானா? இதற்கு இலாப நட்டக் கணக்கே விடை தரும். (எளிமைக்காக வரி இங்குச் சேர்க்கப்படவில்லை.)

அம்மாதம் அனுப்பப்பட்ட சேலைகள் 100. ஒன்றின் விலை ரூ.800. அவற்றுள் 10 திரும்பி வந்தன. ஆகவே ரூ.80,000இலிருந்து விற்பனைத் திருப்பம் ரூ.8,000ஐக் கழிக்க, நிகர விற்பனை ரூ.72,000.

அடுத்து, விற்ற சரக்கின் அடக்கவிலையைக் காண வேண்டும். மாதத் தொடக்கத்தில் 20 சேலைகள் இருந்தன, ஒன்று ரூ.500 வீதம் 150 சேலைகள் வாங்கப்பட்டன. திரும்பியவற்றுள் 2 கறைபட்டு விற்க இயலாதனவாயின. எனவே இறுதியில் எஞ்சிய நல்ல சேலைகள் 78. தொடக்கச் சரக்கிருப்பு ரூ.10,000, கொள்முதல் ரூ.75,000 ஆகியவற்றைக் கூட்டி, இறுதிச் சரக்கிருப்பு ரூ.39,000ஐக் கழித்தால் அடக்கவிலை ரூ.46,000 ஆகும். கறைபட்ட சேலைகளின் இழப்பும் இதனுள் அடங்கிவிடுகிறது.

நிகர விற்பனை: ரூ.72,000
அடக்கவிலை: ரூ.46,000
மொத்த இலாபம்: ரூ.26,000
விற்பனைத் தளக் கழிவு: ரூ.7,200
தூதஞ்சல் (திரும்பியவை உட்பட): ரூ.7,700
பொதிகட்டும் செலவு: ரூ.1,500
விளம்பரம்: ரூ.6,000
இணையம், தொலைபேசி: ரூ.600
நிகர இலாபம்: ரூ.3,000

வங்கியில் ரூ.24,000 கூடியிருக்க, இலாபம் ரூ.3,000 மட்டுமே ஆனது எவ்வாறு? வாங்கிய சரக்கிற்கு ரூ.25,000 மட்டுமே கொடுக்கப்பட்டிருந்தது, எஞ்சிய ரூ.50,000 கடனாக நின்றது. அதேவேளை சரக்கிருப்பு ரூ.29,000 உயர்ந்திருந்தது. இவ்விரண்டின் வேறுபாடாகிய ரூ.21,000தான் வங்கியில் கூடுதலாகத் தோன்றியது. அது நெசவாளருக்குக் கொடுக்கவேண்டிய பணம். அதனைச் செலவிட்டிருந்தால், அடுத்த மாதக் கொள்முதலே தடைப்பட்டிருக்கும்.

இக்கணக்கு மற்றோர் உண்மையையும் காட்டுகிறது. ஒரு சேலை விற்றால் அடக்கவிலை, கழிவு ரூ.80, தூதஞ்சல் ரூ.70, பொதிச்செலவு ரூ.15 ஆகியவை போக எஞ்சுவது ரூ.135. ஒரு சேலை திரும்பினால் இருமுறைத் தூதஞ்சலுக்கும் பொதிக்குமாக இழப்பது ரூ.155. ஒரு திருப்பம் ஒரு விற்பனையின் பயன் முழுவதையும் விழுங்கிவிடுகிறது. நிறத்தையும் அளவையும் படத்தில் தெளிவாகக் காட்டித் திருப்பத்தைக் குறைப்பது, விளம்பரத்தைப் பெருக்குவதினும் முந்தைய பணியாகும்.

இவ்வறிக்கைக்கும் எல்லை உண்டு. மாத இறுதியில் விற்றவை அடுத்த மாதமும் திரும்பக்கூடும். உரிமையாளரின் உழைப்பும் இதில் செலவாகக் காட்டப்படவில்லை. அவர் 100 மணிநேரம் உழைத்திருந்தால், ஒரு மணிநேரத்திற்குக் கிடைத்தது ரூ.30 மட்டுமே. கடை நட்டத்தில் இல்லை. எனினும் உழைப்புக்கேற்ற ஊதியம் தரும் நிலையை அது இன்னும் அடையவில்லை.